கிரைண்டிங் வீலின் விளிம்பு வேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய கல் மாட்டும் நாளெல்லாம் யாராவது ஒருவர் லேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வருவார். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆள் மட்டும் மாறுவார். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். பெஞ்சிலும் பீடத்திலும் ஓடும் சாணைக்கல்லை ‘கல்’ என்றும், கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவதை ‘டிஸ்க்’ என்றும் குறிப்பிடுகிறேன்.

மெஷினின் ஆர்.பி.எம். தெரிகிறது. அது போதாதா? விளிம்பு வேகம் எதற்குத் தனியாக?

ஆர்.பி.எம். என்பது கல் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது. ஒரே ஸ்பிண்டிலில் 100 மி.மீ. கல்லை மாட்டினாலும் 200 மி.மீ. கல்லை மாட்டினாலும் சுற்று எண்ணிக்கை மாறாது. ஆனால் பெரிய கல்லின் விளிம்பில் இருக்கும் துகள் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்புத் தூரம் ஓடியாக வேண்டும். அந்தத் துகள் ஒரு வினாடியில் கடக்கும் தூரம்தான் விளிம்பு வேகம்.

கல் தாங்குமா, உடையுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த வேகம். ஒவ்வொரு துகளும் நேர்கோட்டில் பறந்துவிடத்தான் பார்க்கிறது. துகள்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் பிணைப்புப் பொருள் அவற்றை உள்பக்கமாக இழுத்து வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்பதைத்தான் தயாரிப்பாளர் லேபிளில் உச்ச வேகமாக அச்சிடுகிறார்.

சூத்திரம் என்ன? மனதில் நிற்கிற மாதிரிச் சொல்லுங்கள்.

கல்லின் சுற்றளவை ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் ஓடும் தூரம் கிடைக்கும். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுப்பதால் 1000 ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்தை வினாடியாக்க 60 ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 60000.

```
v = 3.1416 × D × n ÷ 60000
v = D × n ÷ 19100
```

D என்பது மில்லிமீட்டரில் விட்டம், n என்பது ஆர்.பி.எம்., v என்பது வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற விளிம்பு வேகம். இரண்டாவது வரி முதல் வரியின் சுருக்கமே, 60000ஐ 3.1416ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19100 வருகிறது. நான் கைபேசியில் தட்டுவது இந்த இரண்டாவது வரியைத்தான். 200 மி.மீ. கல் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் 200 × 3000 = 600000. அதை 19100ஆல் வகுத்தால் 31.4. வினாடிக்கு 31.4 மீட்டர்.

இதில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை, விட்டத்துக்குப் பதிலாக ஆரத்தைப் போடுவது. விடை பாதியாகக் குறைந்து, எல்லாம் பத்திரம் என்பதுபோல் தோன்றும். சாதாரண பெஞ்சு கிரைண்டருக்கு 20இலிருந்து 35க்குள்ளும், ஆங்கிள் கிரைண்டருக்கு 55இலிருந்து 80க்குள்ளும் விடை வருவதுதான் வழக்கம். 15 என்றோ 300 என்றோ வந்தால் கல்லைச் சந்தேகிப்பதற்கு முன் கணக்கைச் சந்தேகியுங்கள்.

எங்கள் கல்லில் அங்குலமும் அடியும் போட்டிருக்கிறது. அதற்கு வேறு கணக்கா?

கணக்கு அதேதான், அலகுதான் வேறு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்.மால் பெருக்கி, 0.2618ஆல் மீண்டும் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை அடி என்று கிடைக்கும். 8 அங்குலக் கல் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 6280 அடி. சில கற்களில் 6500 அடி என்று உச்ச வேகம் போட்டிருப்பார்கள். அது வினாடிக்கு 33 மீட்டர். அடிக் கணக்கை 197ஆல் வகுத்தால் மீட்டர் கணக்கு வந்துவிடும்.

விட்டத்தை ஒரு அலகிலும் உச்ச வேகத்தை இன்னொரு அலகிலும் வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். முதலில் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்.

லேபிளில் வேகம் ஒன்று, ஆர்.பி.எம். ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. எதை நம்புவது?

இரண்டும் ஒரே எல்லையைத்தான் சொல்கின்றன. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பது பிணைப்பின் எல்லை. ஆர்.பி.எம். என்பது அந்தக் கல் புதிதாக, முழு விட்டத்தோடு இருக்கும்போது அந்த எல்லையைத் தொடும் சுற்று எண்ணிக்கை. வேண்டுமென்றால் நீங்களே சரிபார்க்கலாம்: 19100ஐ உச்ச வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுக்க வேண்டும். 300 மி.மீ. கல்லில் 35 மீட்டர் என்று போட்டிருந்தால் 2228 வருகிறது. லேபிளிலும் அதை ஒட்டிய எண்தான் இருக்கும். 125 மி.மீ. டிஸ்க்கில் 80 மீட்டர் என்றால் 12224. அதை 12200 என்றோ 12250 என்றோ முழுமையாக்கி அச்சிடுவார்கள்.

மெஷினின் ஆர்.பி.எம். லேபிளின் ஆர்.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. முதல் பார்வைக்கு இது போதும், கணக்கே வேண்டாம். கணக்கு தேவைப்படுவது, விட்டம் மாறியிருக்கும்போதும் வேகம் மாறியிருக்கும்போதும்தான். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இரண்டைப் பற்றியவை.

டிஸ்க்கின் குறுக்கே சிவப்புக் கோடு இருக்கிறது. அது அலங்காரமா?

அதுவும் வேகக் குறிதான். ஐரோப்பியத் தர முறையைப் பின்பற்றும் வீல்களில் 50 மீட்டருக்கு நீலம், 63க்கு மஞ்சள், 80க்கு சிவப்பு, 100க்கு பச்சை. கோடே இல்லாத கல் என்றால் குறைந்த வேகத்துக்கானது என்று எடுத்துக்கொண்டு லேபிளைப் படியுங்கள். கோடு தூரத்திலிருந்து தவறான டிஸ்க்கைக் கண்டுபிடிக்க உதவும். எண்ணைப் படிக்காமலிருக்க அது காரணமாகாது.

மோட்டார் தகட்டில் 2850 என்று இருக்கிறது. அதையே கணக்கில் போடலாமா?

போடாதீர்கள். இண்டக்ஷன் மோட்டாரின் தகட்டில் இருப்பது முழுச் சுமையில் ஓடும் வேகம். சுமை இல்லாமல் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 3000ஐ நெருங்கும். கல் மிக வேகமாகச் சுழல்வது நீங்கள் அரைக்கும்போது அல்ல, ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கும்போது. ஆகவே 2850 என்று தகடு சொன்னால் 3000 என்றும், 1440 என்றால் 1500 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் தகட்டில் சுமையில்லா வேகத்தையே போடுவது வழக்கம்.

மின்சாரத்தின் ஹெர்ட்ஸையும் பாருங்கள். 200 மி.மீ. கல், உச்சம் 35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் 31.4 மீட்டர், பத்திரம். அதே மோட்டாரை வேக மாற்றி டிரைவ் வழியாக 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சுமையில்லா வேகம் 3600 ஆகும். 200 × 3600 ÷ 19100 = 37.7. எல்லையைத் தாண்டியாகிவிட்டது. கல்லும் மாறவில்லை, மெஷினும் மாறவில்லை. டிரைவ் திரையில் ஒரு எண்தான் மாறியது.

பெல்ட்டில் ஓடும் பீட கிரைண்டர். மோட்டார் வேகத்தைப் போட்டால் போதுமா?

போதாது. கல் இருப்பது ஸ்பிண்டிலில். மோட்டார் புல்லியின் விட்டத்தை ஸ்பிண்டில் புல்லியின் விட்டத்தால் வகுத்து, மோட்டாரின் வேகத்தால் பெருக்குங்கள். மோட்டார் 1500, அதன் புல்லி 140 மி.மீ., ஸ்பிண்டில் புல்லி 100 மி.மீ. என்றால் ஸ்பிண்டில் 2100 ஆர்.பி.எம்.மில் ஓடும். மோட்டாரில் பெரிய புல்லி இருந்தால் கல் மோட்டாரை விட வேகமாகச் சுழலும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்து விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

பெல்ட் கொஞ்சம் வழுக்குவதால் உண்மையான வேகம் சற்றுக் குறைவாக இருக்கலாம். அந்தக் குறைவைக் கணக்கில் கழிக்காதீர்கள். நாளை பெல்ட்டை இறுக்கினால் அது காணாமல் போய்விடும்.

கல் தேய்ந்து சின்னதாகிவிட்டது. இப்போது வேகத்தைக் கூட்டலாம் அல்லவா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். கேட்பவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன கிரைண்டரில் 300 மி.மீ. கல்லை 2100இல் ஓட்டினால் விளிம்பு வேகம் 33 மீட்டர். கல் தேய்ந்து 200க்கு வரும்போது அதே 2100இல் 22 மீட்டர்தான் இருக்கும். வேகம் குறைந்ததும் கல் இளகியதுபோல் நடந்துகொள்ளும். துகள்கள் சீக்கிரம் உதிரும், கல் விரைவாகக் கரையும், அரைக்கும் வேலை இழுக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் புல்லியை மாற்றத் தோன்றுகிறது.

நான் கண்ணால் பார்த்தது இது. ஒரு பணிமனையில் யாரோ 140 மி.மீ. மோட்டார் புல்லியைக் கழற்றிவிட்டு 200 மி.மீ. புல்லியை மாட்டியிருந்தார். ஸ்பிண்டில் 3000க்கு ஏறியது. தேய்ந்த 200 மி.மீ. கல்லில் விளிம்பு வேகம் 31.4 மீட்டர், பிணைப்பின் எல்லையான 35க்குள்தான். கல்லும் நன்றாக வெட்டியது. சில வாரங்களில் கல் முடிந்தது. புல்லியை மாற்றியவர் அன்று விடுப்பில் இருந்தார். உதவியாளர் பெட்டியைப் பிரித்து, பழைய கல் வாங்கிய அதே அளவில், புதிய 300 மி.மீ. கல்லை எடுத்து வைத்திருந்தார். லேபிள் சரி, துளை அளவு சரி, எல்லாம் சரி. தூணில் ஒரு ஆணியில் பழைய பெல்ட் தொங்குவதைத் தற்செயலாகப் பார்த்தேன். மெஷினில் இருந்த பெல்ட் புதிது, அதைவிட நீளம். நல்ல பெல்ட்டைக் கழற்றி ஏன் நீளமானதை மாட்ட வேண்டும் என்று தோன்றி, மூடியைத் திறந்து புல்லியை அளந்தோம்.

300 × 3000 ÷ 19100 = 47.1. எல்லை 35. அந்தக் கல்லை மாட்டி ஸ்விட்சைப் போட்டிருந்தால், அரைக்கத் தொடங்கும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வேகத்தில் ஓடியிருக்கும். உதவியாளர் செய்த தவறு எதுவும் இல்லை. மெஷினின் வேகம் மாறியிருப்பதைச் சொல்ல அங்கே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே என் பதில்: புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டாதீர்கள். கல்லின் விட்டத்தை அறிந்து வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் பெரிய அரைவை மெஷின்கள் உண்டு. பெரிய கல்லை மாட்டினால் அதிக வேகத்துக்கு ஏறாதபடி அவற்றில் தடை இருக்கும். அந்தத் தடை இல்லாத மெஷினில், தேய்ந்த கல்லைத் தூக்கிப்போடும் செலவுதான் மலிவு. கூடவே, 2228க்கு மேல் வேண்டாம் என்று லேபிள் சொன்ன கல்லை 3000இல் ஓட்டினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொஞ்சம் தாண்டினால் என்ன? பத்து சதவீதம்தானே?

வேகம் பத்து சதவீதம் கூடினால் கல்லுக்குள் இருக்கும் இழுவை பத்து சதவீதம் கூடாது. 21 சதவீதம் கூடும். இழுவை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன 47.1 மீட்டர் கணக்கில் வேகம் 1.35 மடங்கு, இழுவை 1.81 மடங்கு. 180 மி.மீ. டிஸ்க்கை 11000 ஆர்.பி.எம். உள்ள சிறிய ஆங்கிள் கிரைண்டரில் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விளிம்பு வேகம் 104 மீட்டர், எல்லை 80. இழுவை 1.7 மடங்கு.

தயாரிப்பாளர் இதைவிட அதிக வேகத்தில் சுழற்றிச் சோதித்திருப்பாரே என்று சிலர் வாதாடுவார்கள். சோதித்திருப்பார், உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி, பயணத்தில் பட்ட அடி, ஈரம், அரைக்கும்போது ஏறும் சூடு, பக்கவாட்டில் படும் அழுத்தம் எல்லாவற்றுக்கும் ஒதுக்கப்பட்டது. அதை வேகத்துக்குச் செலவழித்துவிட்டால் மற்றவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. இழுவை மிகுதியாக இருப்பது நடுத்துளையின் ஓரத்தில். விரிசல் அங்கே தொடங்கி வெளியே ஓடினால் கல் சில பெரிய துண்டுகளாகப் பிளக்கும். 47 மீட்டர் என்பது மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். விளிம்புப் பகுதி ஏறக்குறைய அந்த வேகத்தில் கிளம்பும்.

உண்மையான ஆர்.பி.எம்.மை எப்படி அளப்பது?

கல்லை மாட்டாமல் அளக்க வேண்டும். வேகம் அதிகமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுத்தான் அளக்கிறோம். சந்தேகத்தைக் கல்லை வைத்துத் தீர்க்கக் கூடாது. நட்டையும் பிளேட்டுகளையும் கழற்றிவிட்டு, வெறும் ஸ்பிண்டிலில் பிரதிபலிக்கும் நாடா ஒரே ஒரு துண்டு ஒட்டி, ஒளி டேகோமீட்டரைக் காட்டுங்கள். நாடா இரண்டு இடத்தில் இருந்தாலோ, ஸ்பிண்டிலில் பளபளப்பான கீறல் இருந்தாலோ கருவி இரட்டிப்பாக எண்ணும். 3000 வர வேண்டிய இடத்தில் 6000 வந்தால் முதலில் அதைத்தான் பாருங்கள்.

வேகம் மாற்றக்கூடிய மெஷின் என்றால் குமிழை உச்சத்தில் வைத்து அளந்து, அந்த எண்ணையே கணக்கில் போடுங்கள். குமிழை யார் எப்போது திருப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை.

பெரிய ஆங்கிள் கிரைண்டரில் தேய்ந்த 180 மி.மீ. டிஸ்க், இப்போது 120தான் இருக்கிறது. சிறிய கிரைண்டரில் மாட்டலாமா? கணக்குப்படி சரியாகத்தானே வருகிறது?

கணக்குப்படி வருகிறதுதான். 120 × 11000 ÷ 19100 = 69. எல்லை 80. இருந்தாலும் மாட்டக் கூடாது.

அந்த டிஸ்க்கின் லேபிள் 8500க்கு மேல் ஓட்டாதே என்கிறது. நீங்கள் 11000இல் ஓட்டப் போகிறீர்கள். லேபிளின் இரு எண்களில் ஒன்றை மதித்து மற்றதை விட்டுவிட முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் காரணமும் இருக்கிறது. கையில் பிடித்து ஓட்டிய டிஸ்க் வட்டமாகத் தேய்ந்திருக்காது. உள்ளே இருக்கும் கண்ணாடி நார் வலை எங்கே அறுந்திருக்கிறது, எத்தனை முறை வளைந்தது, எவ்வளவு சூடானது என்று சூத்திரத்துக்குத் தெரியாது. சூத்திரம் பேசுவது பழுதில்லாத, சமநிலையான வீலைப் பற்றி மட்டுமே.

தண்டு வைத்த சிறிய கல். 20 மி.மீ.தான். அதற்கும் இந்தக் கணக்கு உண்டா?

உண்டு, ஆனால் இங்கே முதலில் தோற்பது கல் அல்ல, தண்டு. 20 மி.மீ. கல் 25000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் விளிம்பு வேகம் 26 மீட்டர்தான், பார்த்தால் சாதாரணம். ஆனால் காலெட்டிலிருந்து தண்டு எவ்வளவு நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அது வளையப் பார்க்கும். ஆகவே இவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் பட்டியலில், தண்டு வெளியே நிற்கும் நீளம் கூடக்கூட அனுமதிக்கும் ஆர்.பி.எம். குறையும். அந்தப் பட்டியலைப் பாருங்கள். இங்கே விளிம்பு வேகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கணக்கு சரி, லேபிள் சரி, வேகமும் எல்லைக்குள். இருந்தும் ஒரு கல் உடைந்தது. எப்படி?

கணக்கு விரிசலைக் காட்டாது. சாணைக்கல்லை மாட்டும் முன் ஒலி பார்க்க வேண்டும். காய்ந்த கல்லைத் துளை வழியாகத் தூக்கிப் பிடித்து, செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகை தள்ளி, விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே, ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். இரு பக்கமும் தட்டி, கல்லைச் சற்றுத் திருப்பி மீண்டும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் மாட்டலாம். ஓட்டை மண்பானையைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டால் அந்தக் கல் வேண்டாம். ரெசின் பிணைப்பு டிஸ்க்குகள் இப்படி ஒலிக்காது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம், மாட்டும் விதம். துளை இறுக்கமாக இருக்கிறது என்று சுத்தியால் தட்டி ஏற்றினாலும், இரு பக்கப் பிளேட்டுகள் வெவ்வேறு அளவில் இருந்தாலும், நட்டை அளவுக்கு மீறி முறுக்கினாலும், கல் சுழலத் தொடங்கும் முன்பே அதற்குள் இழுவை ஏறிவிடுகிறது. வேகம் தரும் இழுவை அதன் மேல் சேர்கிறது. புதிய கல்லை மாட்டியதும் காப்பு மூடியோடு, ஓரமாக நின்று, ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிடச் சொல்வது இதனால்தான்.

லேபிள் கிழிந்துவிட்டது. அளவை வைத்து வேகத்தை ஊகிக்க முடியாதா?

முடியாது. 200 மி.மீ. விட்டத்தில் வெவ்வேறு எல்லையுள்ள கற்கள் இருக்கின்றன, பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கல்லை அலமாரியில் திரும்ப வைக்காதீர்கள். வைத்தால் யாராவது மாட்டிவிடுவார்கள். உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த கல்லின் லேபிள் எண்ணையும் ஸ்பிண்டில் வேகத்தையும் மெஷின் மூடியில் பெயிண்டால் எழுதி வையுங்கள். புல்லியையோ டிரைவையோ யார் தொட்டாலும் அந்த எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.